அம்மா கேட்ட வட்டிக் கணக்கு

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "நான் குடுத்த பணத்த வீட்டுக் கடன்ல கட்டுனியே, வட்டி எவ்வளவு கொறஞ்சிச்சி?"

அம்மா கொடுத்தது 15,000 வெள்ளி. இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்து, ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தில் மிச்சம். "வங்கியில கெடந்து என்னா பண்ணப் போவுது, ஒன் கடன்ல போடு" என்று சொல்லிவிட்டார். மார்ச் 10ஆம் தேதி, திங்கட்கிழமை, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானில் உள்ள வங்கிக் கிளைக்குப் போய் முகப்பிலேயே கட்டினேன். அன்று மாலையே கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். கடன் நிலுவை 15,000 குறைந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அம்மா கேட்டது நிலுவையை அல்ல, வட்டியை. எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேம்மா" என்றேன்.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் தோட்டத்தில் இருந்தபோதே வந்தது. மளிகைக் கடையில் மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பார்கள். கடைக்காரரிடம் ஒரு 555 புத்தகம், அம்மாவிடம் ஒரு 555 புத்தகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்த பிறகுதான் பணம் கை மாறும். கடைக்காரர் மீது சந்தேகம் என்று அர்த்தமில்லை. இருவருக்கும் அதுதான் நடைமுறை. நானோ கணக்கியல் டிப்ளோமா முடித்தவள். சில ஆண்டுகளாக வீட்டுக் கடன் கட்டுகிறேன். வங்கி போட்ட வட்டியை ஒருமுறைகூட நான் தனியாகப் போட்டுப் பார்த்ததில்லை.

அன்று மதியம் மார்ச் மாதக் கணக்கறிக்கையைப் பதிவிறக்கினேன். மார்ச் 1ஆம் தேதி தொடக்க நிலுவை 286,400.00 வெள்ளி. 5ஆம் தேதி வழக்கமான தவணை 1,720. மாதக் கடைசியில் வட்டி 967.89. வட்டி விகிதம் ஆண்டுக்கு 4.00 விழுக்காடு. இது எப்படி வருகிறது என்றால், எஸ்.பி.ஆர். எனப்படும் அடிப்படை விகிதம் அப்போது 3.00; அதற்கு மேல் என் ஒப்பந்தத்தில் வங்கிக்குரிய 1.00. கடன் கொடுக்கும்போது அனுப்பிய சலுகைக் கடிதத்தில் இந்த இரண்டும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் இந்தக் கணக்கில் இறங்கவே முடியாது. நான் அலமாரியில் அரை மணி நேரம் தேடினேன்.

முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் என் கணவர். அவர் போட்டது எல்லோரும் போடும் கணக்கு. 286,400இல் 4 விழுக்காடு 11,456. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 954.67. "பார், வங்கி 13 வெள்ளி கூடப் போட்டிருக்கான்" என்று எழுந்து நின்றுவிட்டார். நான் அவரை உட்கார வைத்தேன். நம் நாட்டில் வீட்டுக் கடன் வட்டி மாதக் கணக்கில் ஓடுவதில்லை, நாள் கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் அன்றைய நிலுவைக்கு ஒருநாள் வட்டி சேர்ந்துகொண்டே வந்து, மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்கில் ஏறும். பன்னிரண்டால் வகுத்தால் எல்லா மாதமும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்கிறோம். மார்ச்சுக்கு 31 நாள். அதனால் மார்ச் வட்டி அந்தச் சராசரியைவிட அதிகமாகத்தான் வரும். 28 நாள் உள்ள பிப்ரவரியில் குறைவாக வரும். பிப்ரவரி அறிக்கையைப் பார்த்து "வங்கி நமக்குச் சலுகை கொடுத்துவிட்டது" என்று யாரும் ஓடி வருவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, நாள் கணக்கு. 11,456ஐ 365ஆல் வகுத்தேன். ஒருநாள் வட்டி 31.3863 வெள்ளி. இந்த ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான். அதை 31 நாளால் பெருக்கினால் 972.98. அறிக்கையில் இருப்பது 967.89. இப்போது வங்கி போட்டது 5 வெள்ளி 9 காசு குறைவு.

இந்த இடத்தில் நிறையப் பேர் "சரி, நமக்கு லாபம்தானே" என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் கணக்கியல் படிப்பில் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே நல்ல குணம், வித்தியாசம் எந்தப் பக்கம் வந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது. 5ஆம் தேதி 1,720 வெள்ளி கட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து மாதக் கடைசி வரை 27 நாட்களுக்கு அந்த 1,720க்கு வட்டி ஓடக்கூடாது. 1,720க்கு ஒருநாள் வட்டி கிட்டத்தட்ட 18.85 காசு. 27 நாளுக்கு 5.09 வெள்ளி. 972.98இல் 5.09 போனால் 967.89.

ஒரு காசு பிசகவில்லை. பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். வங்கி சரியாகத்தான் போட்டிருக்கிறது என்று கணவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் போட்ட கணக்கில் அம்மாவின் 15,000 எங்கேயும் இல்லை.

கணக்கு ஒத்துப் போனதே தவறாகப் போய்விட்டது. 10ஆம் தேதி அந்தப் பணம் அசலில் கழிந்திருந்தால், அன்றிலிருந்து 31ஆம் தேதி வரை 22 நாட்களுக்கு 15,000க்கு வட்டி ஓடியிருக்கக்கூடாது. 15,000க்கு ஒருநாள் வட்டி 1.6438 வெள்ளி, 22 நாளுக்கு 36.16. ஆக மார்ச் வட்டி 931.73 என்று வந்திருக்க வேண்டும். வங்கி போட்டிருப்பது 967.89. இடையில் 36 வெள்ளி 16 காசு. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: வட்டி ஒரு காசுகூடக் குறையவில்லை.

அப்படியென்றால் செயலியில் நிலுவை குறைந்ததாகக் காட்டியது எப்படி? அறிக்கையை மறுபடி மேலிருந்து கீழ் வரை படித்தேன். மாத இறுதி நிலுவை 285,647.89 என்று போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் தனி வரி: Advance Payment 15,000.00. செயலி இந்த இரண்டையும் கழித்து 270,647.89 என்று பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வட்டி ஓடுவதோ பெரிய எழுத்தின் மேல் அல்ல, 285,647.89இன் மேல்.

மறுவாரம் கிளைக்குப் போனேன். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, பொறுமையானவர். அறிக்கையையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் என் கணக்கைப் பார்த்துவிட்டு, "புவான், உங்கள் கணக்கும் சரி, எங்கள் கணக்கும் சரி" என்றார். பிறகு விளக்கினார். என்னுடையது சாதாரணத் தவணைக் கடன். இதில் தவணைக்கு மேல் கட்டும் எந்தப் பணமும், நாமாக வேறு ஏதும் சொல்லாவிட்டால், வரப்போகும் மாதத் தவணைகளுக்கான முன்பணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த மாதம் நான் தவணை கட்டத் தவறினால் இதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவரை அது ஓரமாக உட்கார்ந்திருக்கும், வட்டியைக் குறைக்காது. அசலைக் குறைக்க வேண்டுமென்றால் அப்படி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இதுவே நடப்புக் கணக்கோடு இணைத்த ஃப்ளெக்ஸி கடனாக இருந்தால், போட்ட நாளிலிருந்து வட்டி தானாகக் குறைந்திருக்கும்.

"கட்டும்போதே அசலைக் குறைக்கத்தான் என்று முகப்பில் சொன்னேனே" என்றேன். அவர் கணினியில் தேடி, நான் கையெழுத்துப் போட்ட சீட்டின் நகலை எடுத்துக் காட்டினார். அதில் பணம் எதற்கு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் குறி இல்லை. நான் வாயால் சொன்னதை அந்த ஊழியர் குறிக்கவில்லை. குறித்தாரா என்று நானும் பார்க்கவில்லை. யார் மீது எவ்வளவு தவறு என்று பங்கு போட்டு இப்போது பயனில்லை. அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தேன்: கடன் எண், 15,000 வெள்ளி, இது அசலைக் குறைப்பதற்கு, மாதத் தவணை 1,720 மாறாமல் இருக்கட்டும், கடன் காலம் குறையட்டும். கடைசி இரண்டையும் அவர்தான் எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் சில நேரம் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே வைத்துவிடுவார்களாம்.

மார்ச் 10ஆம் தேதிக்கே பின்தேதியிட்டுச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுவிட்டு முடியாது என்றார்கள். கடிதம் கொடுத்த ஏப்ரல் 21இல் இருந்துதான் நடப்புக்கு வந்தது. மார்ச்சில் 22 நாள், ஏப்ரலில் 20 நாள், ஆக 42 நாள் அம்மாவின் பணம் சும்மா கிடந்திருக்கிறது. நாளுக்கு 1.6438 வெள்ளி வீதம் 69 வெள்ளி 4 காசு. போராடலாமா என்று யோசித்தேன். சீட்டில் குறி இல்லையே, எதை வைத்துப் போராடுவது? விட்டுவிட்டேன். அம்மா கேட்டிருக்காவிட்டால் அந்த 42 நாள் 420 நாளாகக்கூட ஆகியிருக்கும். மாதம் சுமார் 50 வெள்ளி, செயலியில் எந்த அடையாளமும் இல்லாமல்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "69 வெள்ளியா?" என்று மட்டும் கேட்டார். மனது கேட்காமல் 70 வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பணப்பையைத் திறந்து 95 காசு எண்ணித் திருப்பிக் கொடுத்தார். "96 காசு குடுக்கணும். ஒரு காசு இப்ப எங்க கெடைக்குது?"

இதைக் கேள்விப்பட்ட என் தம்பி உடனே தன் கார் கடனை இதே முறையில் போட்டுப் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். எதுவும் ஒத்துவரவில்லையாம். ஒத்துவராது. அவன் 2021இல் எடுத்த வாடகைக் கொள்முதல் கடனில், முதல் நாள் கடன் தொகைக்கே எல்லா ஆண்டுக்கும் சேர்த்து வட்டி போட்டு, அசலோடு கூட்டி, மாதத் தவணைகளாகச் சமமாக வெட்டிவிடுவார்கள். அதில் தொடக்க நிலுவையைப் பிடித்து ஒருமாத வட்டி போட ஒன்றுமே இல்லை. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் கடனுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஏப்ரல் அறிக்கை வந்தபோது 15,000 அசலில் கழிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தேன், கழிந்திருந்தது. மே, ஜூன் இரண்டும் காசு பிசகாமல் வந்தன. ஜூலைதான் கொஞ்சம் வேலை வாங்கியது.

ஜூலை 9ஆம் தேதி பேங்க் நெகாரா ஓ.பி.ஆர். விகிதத்தை 3.00இல் இருந்து 2.75 ஆகக் குறைத்தது. எஸ்.பி.ஆர். அதோடு பிணைந்தது என்பதால் அதுவும் கால் விழுக்காடு குறைய வேண்டும். ஆனால் அறிவித்த அன்றே நம் கணக்கில் குறைவதில்லை. வங்கி தன் தேதியைத் தனியாக அறிவிக்கும்; எனக்கு வந்த அறிவிப்பில் ஜூலை 14 என்று இருந்தது. ஆக ஒரே மாதத்தில் இரண்டு விகிதம். 13ஆம் தேதி வரை 4.00, 14இல் இருந்து 3.75.

தொடக்க நிலுவை 268,197.30. மாதத்தை மூன்று துண்டாக வெட்டினேன். 1 முதல் 4 வரை நான்கு நாள், முழு நிலுவைக்கு 4 விழுக்காட்டில்: 117.57. 5ஆம் தேதி தவணை போனபின் நிலுவை 266,477.30, 5 முதல் 13 வரை ஒன்பது நாள், அதே விகிதத்தில்: 262.83. 14 முதல் 31 வரை பதினெட்டு நாள், 3.75இல்: 492.80. கூட்டி, காசுக்கு முழுமையாக்கினால் 873.19. விகிதத்தைக் குறைக்க வங்கி மறந்திருந்தால் 906.05 வந்திருக்கும். 33 வெள்ளி வித்தியாசம் என்றால் கண்ணில் படாமல் போகாது.

அறிக்கையில் இருந்தது 873.57.

விகிதம் குறைந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் 38 காசு கூட. கணவர் "38 காசுக்காக மறுபடி விடுப்பு எடுக்கப் போறியா?" என்றார். எடுக்கப் போவதில்லை. ஆனால் என்னவென்று தெரியாமல் தூக்கம் வராது. வித்தியாசத்தையே பிடித்து விசாரித்தேன். 1,720க்கு ஒருநாள் வட்டி 18.85 காசு என்று மார்ச்சிலேயே தெரியும். இரண்டு நாளுக்கு 37.7 காசு. ஆகத் தவணை இரண்டு நாள் தாமதமாகப் போயிருக்கிறது. நாள்காட்டியைப் பார்த்தேன். ஜூலை 5 சனிக்கிழமை. தானியங்கிக் கட்டளை திங்கட்கிழமை 7ஆம் தேதிதான் ஓடியிருக்கிறது. அறிக்கையிலும் 07/07 என்றுதான் இருந்தது. நான்தான் வழக்கம் போல 5 என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஏப்ரல் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அங்கும் அதே கதை. ஏப்ரல் 5ம் சனிக்கிழமை.

இதில் வங்கியின் பிழை எதுவுமில்லை. நாள் எண்ணிக்கை பிசகினால் வித்தியாசம் காசுகளில் வருகிறது, தவணைக்கு ஒரு நாளைக்கு 18.85 காசு வீதம். ஒரு பெரிய தொகையோ விகிதமோ பிசகினால் வெள்ளிகளில் வருகிறது. அந்த வித்தியாசத்தை எந்தத் தொகையின் ஒருநாள் வட்டியால் வகுத்தால் முழு நாட்கள் வருகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிடுகிறார். மார்ச்சில் எனக்குக் கிடைத்த 36.16ஐ 1.6438ஆல் வகுத்தால் சரியாக 22. பணம் கட்டிய நாளிலிருந்து மாதக் கடைசி வரை.

ஜூலைக் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று துண்டுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். 38 காசு எப்படி வந்தது என்று சொன்னதும், "சனி ஞாயிறு வந்தா முன்னாடியே கட்டிடு" என்றார், மளிகைக் கடைக்காரருக்குச் சொல்வது போல. அன்றிரவே செயலியில் போய்த் தானியங்கிக் கட்டளையை 3ஆம் தேதிக்கு மாற்றினேன்.

மாற்றி முடித்தபின்தான் நாள்காட்டியைப் பார்த்தேன். ஆகஸ்டு 3 ஞாயிற்றுக்கிழமை.